என் நண்பனின் பெரிய தோட்டத்தின் பழைய கதவு

மருந்துக்கடைக்காரருக்கு நண்பர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் தோட்டம் கிடையாது. ஒருவர் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறார், அதற்கும் கதவு இல்லை. அப்படிப்பட்ட மனிதர், ஐம்பத்தாறு வயதில், மாலை வியாபாரத்தை மனைவியின் தலையில் கட்டிவிட்டு, சலவைக்கடைக்கு மேலே ஒரு அறையில் உட்கார்ந்து, "என் நண்பனின் பெரிய தோட்டத்தின் பழைய கதவு பச்சை நிறம்" என்பதைப் பாரசீக மொழியில் சொல்ல முக்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஜன்னல் வழியாக வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை மூடியது. மூடாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கப் போவதில்லை.

இந்தக் கதி வந்தது மகளால். ஒரே மகள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நகரத்தின் குழாய்களில் என்னென்ன ஓடுகிறது என்று சொல்லும் அதிகாரம் படைத்தவள். அவள் பாரசீகம் பேசும் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பையன் தங்கமானவன், அதில் யாருக்கும் குறையில்லை. குறை மொழியில்தான். பையனின் அப்பா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குப் பாரசீகம் தெரியாது. மகளுக்கு இரண்டும் தெரியும். ஆகவே மகளே மொழிபெயர்ப்பாளர்.

முதல் சந்திப்பிலேயே சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் வீடு ஊரோட அந்தக் கடைசிப்பா. தினம் வந்து போறது கஷ்டம், வேலையை விட்டுடலாமேங்கறாங்க," என்றாள்.

வேலையை விட அவளுக்குத் துளியும் மனசில்லை. இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்து முந்தின வாரமே சமையலறையில் நின்று, "நானா சொன்னா திமிர் பிடிச்சவள்னு நினைப்பாங்கப்பா. நீங்க சொல்லுங்க," என்று கெஞ்சியிருந்தாள். அப்பாவும் சொன்னார். எப்படிச் சொன்னார்? அவள் படித்த படிப்பு, ராத்திரி விழித்த கண்கள், அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாயும் திறக்காது என்ற மிகை, எல்லாம் சேர்த்து, குரல் தழுதழுக்க ஒரு சொற்பொழிவு. மகள் அதை நாலே வார்த்தையில் முடித்தாள். சம்பந்தி மலர்ந்த முகத்தோடு தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

வாசலைத் தாண்டியதும் கேட்டார். "என்னம்மா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நான் அரைமணி நேரம் பேசினேன். நீ தும்மற நேரத்துல முடிச்சுட்டே. அவர் ஏன் எனக்கு இன்னொரு டீ ஊத்தினார்?"

மகள் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு, "டீ ரொம்ப நல்லாருக்குன்னு அப்பா சொல்றார்னு சொன்னேன்," என்றாள்.

மாப்பிள்ளைப் பையனைக் கேட்கலாம் என்றால், அவன் இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கும் கலையில் மகளையே தூக்கிச் சாப்பிடுபவன். ஆகவே மருந்துக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த மாதம் சம்பந்திகள் இவர் வீட்டுக்கு வருவார்கள். கல்யாணத் தேதி அன்று முடிவாகும். அதற்குள் தன் வாயால் சொல்லத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பாரசீக ஆசிரியைக்கு அப்பா வழியில் பாரசீகமும் அம்மா வழியில் தமிழும் வந்திருந்தன. பொறுமை எந்த வழியிலும் வரவில்லை. பதினெட்டு வருஷமாகத் தமிழர்களுக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுத்து, பதினெட்டு வருஷமாக ஒரே தப்பைக் கேட்டுவரும் பெண்மணி.

"பொஜோர்க் பாக்," என்றார் மருந்துக்கடைக்காரர், பெரிய தோட்டம் என்று நினைத்துக்கொண்டு.

ஆசிரியை கண்ணை மூடினார். "சார், பாக்னா தோட்டம், பொஜோர்க்னா பெரிய. ஆனா இங்க தோட்டம் முதல்ல வரணும். அப்புறம் ஒரு சின்ன 'எ'. அதுக்கு அப்புறந்தான் பெரிய. பாக்-எ பொஜோர்க். அந்த 'எ'க்குப் பேரு எஸாஃபே. அதுதான் ரெண்டையும் ஒட்டுது."

"என் நண்பன்?"

"அதுவும் அப்படித்தான். தூஸ்த்-எ மன். நண்பன் முன்னாடி, நீங்க பின்னாடி."

"புஸ்தகத்துல அந்த 'எ'யையே காணோமே."

"பெரும்பாலும் எழுத மாட்டாங்க. வாசிக்கறப்போ நாமதான் போட்டுக்கணும்."

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை மூடினார். "எழுதாததை எப்படிங்க படிக்கறது?"

"டாக்டருங்க எழுதறதை நீங்க எப்படிப் படிக்கறீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. "மேடம், எனக்கு இந்தக் கதவு வேண்டாம். 'என் மகளை வேலையை விடச் சொல்லாதீங்க'. இதை மட்டும் எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"அது ஆறாம் பாடத்துக்கு அப்புறம். ஐந்தாம் பாடம் சரியா வராம ஆறாம் பாடம் கிடையாது."

"அவசரம்னா?"

"அவசரம்னு சொல்லிச் சீட்டு இல்லாம யாராவது வந்தா மருந்து குடுப்பீங்களா?"

குடுக்க மாட்டார். அந்த விஷயத்தில் அவர் கண்டிப்பானவர் என்பது தெருவுக்கே தெரியும். தன் நியாயத்தாலேயே அடிபட்டு அவர் வீடு திரும்பினார்.

ஐந்தாம் பாடத்தில் வினைச்சொல் என்று இருந்தவை இரண்டே இரண்டு: 'அஸ்த்' என்றால் இருக்கிறது, அதாவது 'ஆகும்'; 'நீஸ்த்' என்றால் 'அல்ல'. வேண்டும், கூடாது, சொல்லாதே, விடமாட்டேன் என்று இதுநாள் வரை அவர் குடும்பம் நடத்த உதவிய சொற்கள் எல்லாம் ஆறாம் பாடத்துக்கு அப்பால் பூட்டிக் கிடந்தன.

வரிசை ஒருநாள் கடையில்தான் பிடிபட்டது. அலமாரி அட்டையில் அவரே எழுதி ஒட்டியிருந்தார்: சிரப், இருமல், குழந்தை. பொருள் முதலில், விவரம் பிறகு, யாருக்கு என்பது கடைசியில். முப்பது வருஷமாக அவர் அட்டைகள் பாரசீக வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தன. அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு ஏற்பட்ட பெருமையை, இருமல் மருந்து கேட்டு நின்ற ஒரு தாய் முழுவதுமாகக் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் வகுப்பில் அவர் நெஞ்சை நிமிர்த்தி, "கார் தொக்தர் மன்," என்றார். கார் என்றால் வேலை, தொக்தர் என்றால் மகள்.

"வேலை, மகள், நான்," என்றார் ஆசிரியை. "மூணு பேரும் பஸ் ஸ்டாப்புல நிக்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. பசை எங்க சார்?"

அன்றிலிருந்து பசையைத் தாராளமாகப் பூசினார். இரண்டு சொல் கிட்டே வந்தாலே நடுவில் ஒரு 'எ' விழுந்தது. மோஹெம் என்றால் முக்கியம் என்று கற்றுக்கொண்டதும், "கார்-எ தொக்தர்-எ மன்-எ மோஹெம் அஸ்த்," என்று ஒரே மூச்சில் முடித்து, பாராட்டுக்குக் காத்திருந்தார்.

ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். "'மன்'னுக்கு அப்புறமும் பசை போட்டுட்டீங்க. முக்கியமான நான், அந்த நானோட மகள், அவளோட வேலைன்னு ஆகுது. அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்க முக்கியமானவர்ங்கறது புரியுது. வேலை என்ன ஆச்சுன்னுதான் தெரியல."

"பசை இல்லைன்னாலும் தப்பு, இருந்தாலும் தப்பா?"

"நிறுத்தணும் சார். 'மன்' வரைக்கும் ஒட்டணும். அங்க வாயை மூடணும். அப்புறம் மோஹெம் அஸ்த்."

வாயை மூடுவது. வீட்டில் அவர் மனைவி முப்பது வருஷமாக நடத்தித் தோற்ற பாடம். "அந்தம்மா எவ்வளவு வாங்கறாங்க?" என்று விசாரித்தாள். "நான் ரெட்டிப்பாத் தரேன், முழுசாக் கத்துக்கிட்டு வாங்க."

சம்பந்திகள் வந்தார்கள். கூடத்தில் ஏழு நாற்காலி போட்டு, ஒன்று ஆடியதால் அதில் அவரே உட்கார்ந்தார். தேநீர் வந்தது. தேதி பேசப்பட்டது. சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாக எதையோ நீளமாகச் சொன்னார். மகள் தலையாட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. அடுத்த மாசமே ஆபீஸ்ல சொல்லிட்டா நல்லதுன்னு..." மீதியை முழுங்கிவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். எதிரே சம்பந்தியம்மா, அவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், அந்த நண்பனின் பாழாய்ப்போன கதவு.

"கார்-எ," என்றார். கூடம் திரும்பிப் பார்த்தது. "தொக்தர்-எ. மன்."

அங்கே வாயை மூடினார். உதட்டில் துடித்துக்கொண்டிருந்த ஒரு 'எ'யைப் பல்லால் கடித்து நிறுத்தினார்.

"மோஹெம் அஸ்த்."

என் மகளின் வேலை முக்கியம். அவ்வளவுதான். சொற்பொழிவு இல்லை, தழுதழுப்பு இல்லை. அவற்றுக்கெல்லாம் பாடம் போதவில்லை.

சம்பந்தியம்மா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "கார்-எ அரூஸ்-எ மன் மோஹெம் அஸ்த்."

அரூஸ் என்றால் மருமகள், அது ஐந்தாம் பாடத்திலேயே இருந்தது. என் மருமகளின் வேலை முக்கியம். ஒப்புக்கொண்டாற்போலத்தான் இருந்தது. ஆனால் சங்கிலியின் நடுவில் இருந்த மகளை உருவிவிட்டு மருமகளை மாட்டி, கடைசியில் நின்ற 'என்'னையும் அந்தம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு உச்சந்தலை சுட்டது.

"தொக்தர்-எ மன்," என்றார்.

"அரூஸ்-எ மன்," என்றார் சம்பந்தியம்மா, புன்னகை மாறாமல்.

"தொக்தர்-எ மன்."

"அரூஸ்-எ மன்."

சம்பந்தி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தவர் எடுக்க மறந்தார், அது உள்ளே விழுந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி, "என்னங்க, போதும்," என்றாள், தமிழில்.

"கார்-எ மன்," என்றாள் மகள்.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"என் வேலை," என்று அவளே தமிழிலும் சொன்னாள், அப்பாவைப் பார்த்து. பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "கார்-எ மன் மோஹெம் அஸ்த்," என்றாள். அதற்கப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. ஆறாம் பாடம், பத்தாம் பாடம், புத்தகத்திலேயே இல்லாத பாடம் எல்லாம் வந்தது. கை ஆடியது. குரல் ஒரு இடத்தில் உடைந்தது, ஆனாலும் போனது. அப்பாவுக்கு அதில் 'கார்' மட்டும் புரிந்தது. அது பலமுறை வந்தது.

சம்பந்தியம்மா பதில் சொன்னார், அதுவும் நீளம். இந்தத் தடவை மகள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். "இதை ஏன் முதல்லயே சொல்லலைன்னு கோவிச்சுக்கறாங்க. தூரந்தான் அவங்களுக்குக் கவலை, வேலை மேல ஒண்ணும் இல்லையாம். வேலையை விட வேண்டாம், என் ஆபீஸுக்குப் பக்கத்துலயே எங்களை வீடு பாத்துக்கச் சொல்றாங்க." நிறுத்தினாள்.

"மீதி?"

"அவங்க பையன் சமைக்கத் தெரியாதவன், நான் பட்டினிதான் கிடப்பேன்னு சொல்றாங்க. அப்புறம்... உங்க உச்சரிப்பு ரொம்ப மோசம்னும் சொன்னாங்க."

"அதை நீ விட்டுருக்கலாம்," என்றார் அப்பா.

மறுநாள் வகுப்பில் நடந்ததை விவரித்தார். ஆசிரியை முழுவதும் கேட்டார். "'மன்'னுக்கு அப்புறம் நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன்."

"நல்லது." புத்தகத்தைத் திறந்தார்.

"இனிமே எனக்கு வகுப்பு எதுக்கு மேடம்? வேலைதான் முடிஞ்சுதே."

"அந்தம்மா உங்களுக்கு ஆயுசு பூரா சம்பந்தி. 'தொக்தர்-எ மன்'ங்கறதை வெச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

மருந்துக்கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். நாலு நாள்கூட ஓட்ட முடியாது என்று பட்டது. கண்ணாடியிலிருந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவை இன்னும் நீங்க ஒருதரம்கூடச் சரியாச் சொல்லல," என்றார் ஆசிரியை.

அவர் பெருமூச்சு விட்டார். "தர்-எ கொஹ்னெ-யெ பாக்-எ பொஜோர்க்-எ தூஸ்த்-எ மன்..." வாயை மூடினார். "சப்ஜ் அஸ்த்."

கதவு பச்சை நிறம்தான். யாருடையதோ.