தாலாட்டுக்கு முத்திரை குத்திய பஸ்தியாம்பிள்ளை

என் வீட்டுக்காரர் பஸ்தியாம்பிள்ளைக்கு இந்தப் பலெர்மோ நகரத்தில் இரண்டு தொழில். காலையில் பணக்காரர் வீட்டு மாடிப்படிகளைக் கழுவுவார். பின்னேரம் எங்கள் சனத்தின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பத்திரம் எல்லாவற்றையும் தமிழிலிருந்து இத்தாலியனுக்கும் இத்தாலியனிலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுப்பார். முடித்ததும் நீதிமன்றத்துக்குப் போய், ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்வார். இருபத்திரண்டு வருடமாகச் சத்தியம் செய்து செய்து, வீட்டிலும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஒரு கதை சொன்னால், "நேற்று வேற மாதிரிச் சொன்னனீர்" என்று திருத்துவார். இப்படிப்பட்ட மனுசனிடம்தான் நிலாந்தினி தாலாட்டைக் கொண்டுவந்தாள்.

நிலாந்தினி எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளை. புருசன் கஸ்பாரே இந்த ஊர் ஆள், மீன் சந்தையில் கடை. மகள் இலாரியாவுக்கு நாலு வயது. கஸ்பாரேக்குத் தமிழில் "சோறு", "சரி" என்ற இரண்டு சொல் தெரியும். குடும்பம் நடத்த அது போதும் என்று நான் அடிக்கடி சொல்வேன்.

அன்றைக்கு வந்தவள் கதிரையில் இருந்ததும் அழத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நேற்று இவள் தகப்பனிட்டை என்ன கேட்டவள் தெரியுமோ? அம்மா ஏன் எப்பவும் கோவமாக் கதைக்கிறா எண்டு. நான் கோவமே படேல்லை. தமிழிலை கதைச்சனான், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் பிள்ளையில் பிழை இல்லை. ஓடாதை, தொடாதை, சாப்பிடு, சப்பாத்தைப் போடு, கெதியா வா. அந்த வீட்டில் தமிழுக்கு இருந்த வேலை அவ்வளவும் அதுதான். சிரிப்பும் விளையாட்டும் நித்திரையும் தகப்பனுடைய பாஷையில். பின்னேரத் தூக்கத்துக்குத் தகப்பன் பாட வேண்டும். நர்சரியில் வட்டம் சுற்றி விழுகிற பாட்டும் இத்தாலியன். தாய் தமிழில் எது கேட்டாலும் பதில் இத்தாலியனில்தான் வரும். நிலாந்தினி 'ஆராரோ' பாடிப் பார்த்தாளாம். பிள்ளை கையால் அவள் வாயைப் பொத்தி, "அது வேண்டாம், பப்பாவின் பாட்டு" என்றதாம்.

"செப்டெம்பரிலையிருந்து நர்சரி முழுநாள். அதுக்குப் பிறகு முழுக்க இத்தாலியன்தான். அண்ணை, அந்த ரெண்டு பாட்டையும் அதே மெட்டிலை தமிழாக்கித் தாங்கோ. ஒருக்கா எண்டாலும் அவள் எனக்குத் தமிழிலை வாய் திறக்க வேணும்."

"தாறன். இது என்ன, எட்டு வரி," என்றார் இவர்.

இரண்டு நாளில் கொடுத்தார். வெள்ளைத் தாள், தட்டச்சு, கீழே கையொப்பம், பெயர் பொறித்த முத்திரை. நான் வாசித்துப் பார்த்தேன். 'வெண்மையான நிலவே, சிறிய படகானது மிகவும் களைப்படைந்துள்ளது' என்று போகிறது. அடிக்குறிப்பு வேறு இருந்தது.

"இஞ்சருங்கோ, இது தாலாட்டோ, படகு காணாமல் போனதுக்குப் பொலிஸிலை குடுக்கிற முறைப்பாடோ?"

"எல்லாச் சொல்லும் சரியா வந்திருக்கு."

"பிள்ளைக்கு நித்திரை வருமோ?"

"அது என்ரை பொறுப்பில்லை," என்றார். கோபம் மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் அடுத்த நாளே கீழே இறங்கிப்போய் நின்றார். என்னிடம் சொல்லாமல் போனார். நான் சும்மா விடுவேனா? பின்னால் போனேன்.

பின்னேரம் மூன்று மணி. கஸ்பாரே கடையடைத்து வந்து, சட்டையில் மீன் வாசனையோடு மகளைத் தோளில் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அது அவன் வீட்டுப் பாட்டு. 'நன்னா நன்னா லூனா பியாங்கா, லா பர்கெத்தா ஏ தான்தோ ஸ்தாங்கா.' வெள்ளை நிலா, களைத்துப்போன குட்டிப் படகு, தூங்குகிற கடல், தூங்குகிற காற்று, கடைசியில் தூங்கப்போகிற பிள்ளை. இவர் பாட்டைக் கேட்கவில்லை. அவன் கையைப் பார்த்தார். முதுகில் தட்டுகிறான். ஒரு வரிக்கு நாலு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அசை, முதலாவது கனம், இரண்டாவது லேசு.

"ரெண்டாம் வரியிலை ஒண்டு கூட இருக்கே," என்று இவர் விரல் மடித்து இத்தாலியனில் கேட்டார். "ஒன்பது வருது."

"எனக்கு எண்ணத் தெரியாது, சிஞ்ஞோர் பஸ்தியான்," என்றான் கஸ்பாரே மெதுவாக. "பாடத்தான் தெரியும். சத்தம் போடாதேங்கோ, இவள் முழிச்சா நீங்கள்தான் தூக்கவேணும்."

பாடும்போது கவனித்தால், 'பர்கெத்தா'வின் வாலையும் 'ஏ'யையும் சேர்த்து ஒன்றாக விழுங்கிவிடுகிறான். தமிழில் இரண்டு உயிர் பக்கத்தில் வந்தால் நாங்கள் நடுவில் ஒரு யகரமோ வகரமோ வைத்து ஒட்டுவோம். இவர்கள் கரைத்துவிடுகிறார்கள். ஆக எட்டுத்தான். இவர் முகத்தில், தொலைந்த சாவி கிடைத்தவன் முகம்போல ஒரு வெளிச்சம்.

அதற்குப் பிறகு என் வீடு வீடாக இருக்கவில்லை. சோற்றுக் கோப்பையில் தட்டுகிறார். மாடிப்படி கழுவும்போது படிக்கு இரண்டு அசை வைத்து முணுமுணுக்கிறார். அந்த வீட்டுக்காரி, உங்கள் புருசனுக்குச் சுகமில்லையா என்று எனக்குத் தொலைபேசி எடுத்தாள். இவர் கண்டுபிடித்ததை எனக்கும் சொன்னார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். இத்தாலியன் சொல் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், தமிழும் அப்படி இழுக்க இடம் கொடுக்கும். அவர்களும் எங்களைப்போல எழுத்தை இரட்டித்து அழுத்துவார்கள். ஆகையால் ஓசையைக் கடத்தலாம். ஆனால் எல்லா இரட்டிப்பும் ஒன்றல்ல. ன்ன, ண்ண, ல்ல, ம்ம இதெல்லாம் பிள்ளையைத் தடவும். ட்ட, க்க, ற்ற இதெல்லாம் பிள்ளையை எழுப்பும்.

"அப்ப காற்றை என்ன செய்யிறது?" என்று தலையில் கை வைத்தார். "காற்று எண்டாலே றகரம் முழிச்சுக்கொண்டு நிக்குது."

"காற்றை விடுங்கோ. படகிலை வேற ஒண்டும் இல்லையோ? வலை இல்லையோ?"

"மூலத்திலை வலை இல்லை."

"நீதவானே தாலாட்டுக் கேக்கப் போறார்?"

மனுசன் ஒரு முழு நாள் சாப்பாட்டில் உப்புக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக இல்லாத சொல்லைக் கூட்டப் போகிறார், இருக்கிற சொல்லை விடப் போகிறார். கடைசியில் கஸ்பாரேயிடமே போய், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போலக் கேட்டார். அவன் சிரித்தான். "என்ரை அப்பாவின்ரை படகிலை காத்தைவிட வலைதான் கன நேரம் தூங்கினது. போடுங்கோ."

'நன்ன' என்ற சொல்லுக்கும் இதே வழக்கு. அகராதியில் இல்லை என்றார். தொட்டில் பிள்ளை அகராதி பார்க்காது என்றேன். அந்தச் சத்தத்துக்குத்தான் இலாரியாவின் கண் சொக்குகிறது, அதை மாற்றினால் பாட்டே மாறிவிடும் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். இப்படி வந்தது:

நன்ன நன்ன வெண்ணி லாவே,
சின்னத் தோணி ஓய்ந்த தம்மா,
அலையும் தூங்க வலையும் தூங்க
மெல்ல மெல்ல நீயும் தூங்கு.

நிலாந்தினி அதைப் பாடிய முதல் பின்னேரம், நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே திருடர்போல நின்றோம். பிள்ளை முதலில் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தது. வாயைப் பொத்தவில்லை. மூன்றாம் முறை பாடுவதற்குள் தூங்கிவிட்டது. நிலாந்தினி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் தூங்குகிற பிள்ளை பேசாதே. அவள் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை.

விளையாட்டுப் பாட்டு மிச்சம் இருந்தது. 'ஜீரா ஜீரா லா சாம்பெல்லா.' நடுவில் ஓட்டை உள்ள இனிப்புப் பணியாரம் சுற்றுகிறது, அதைத் தின்கிறவள் எல்லாரிலும் அழகி, தின்னாதவள் நின்றபடி நிற்பாள், ஒன்று இரண்டு மூன்று, கீழே விழு. இங்கே தடவல் வேலை இல்லை. இவர் சேர்த்து வைத்திருந்த ட்ட, த்த எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். ஓட்டைப் பணியாரத்துக்கு வேறென்ன, உளுந்து வடைதான்.

சுத்து சுத்து வட்ட வடை,
சுட்டு வச்ச குட்டிக் கடை,
கிட்ட வந்தா வாயில் லபக்,
ஒண்டு ரெண்டு மூண்டு தொபக்.

"ஒன்று, இரண்டு, மூன்று எண்டு எழுதினா காலுக்கு இடறும்," என்றார். எழுத்துத் தமிழ் தவிர வேறெதுக்கும் முத்திரை குத்தாத மனுசன், ஊர்ப் பேச்சை அப்படியே எழுதிவிட்டார். விழுகிற சொல் கடைசித் தட்டில் வரவேண்டும், அதற்கு முன்னால் வந்தால் பிள்ளைகள் பாதிப் பாட்டிலேயே கீழே கிடப்பார்கள் என்பதில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தார். 'அழகி' எங்கே என்று கேட்டேன். இடமில்லை, வடைக்குக் கடை நல்ல இயைபாக விழுந்துவிட்டது என்றார். குறைக்கப் பழகிவிட்ட சந்தோசம்.

ஞாயிறு பூசை முடிந்து கடற்கரைப் புல்வெளிக்குப் போனோம். எங்கள் சனத்தின் பிள்ளைகள் ஆறு பேர், கஸ்பாரேயின் தமக்கை பிள்ளைகள் இரண்டு பேர். இவர் நடுவில் நின்று கைதட்டிச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் தெரியாத அந்த இரண்டும்கூட 'லபக்'குக்கு வாயைப் பிளந்து, 'தொபக்'குக்கு விழுந்து உருண்டன. ஒருத்தி மட்டும் விழவில்லை. இலாரியா இடுப்பில் கை வைத்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் பிள்ளை, விழேல்லையோ?" என்றார் இவர்.

"பிழை," என்றாள்.

தமிழில் சொன்னாள். சோற்றுப் பொதி அவிழ்த்துக்கொண்டிருந்த நிலாந்தினி அதைப் புல்லில் விட்டு எழுந்து நின்றாள்.

"என்ன பிழை?"

"கடை இல்லை, மாமா." விரலை நெஞ்சில் குத்திக் காட்டினாள். "நான் வடை திண்டா, நான் வடிவு."

தன் அழகைக் களவெடுத்துவிட்டார்கள் என்று பிள்ளைக்கு ஆவேசம். தலை வாரி இழுக்கும்போது தாய் சொல்கிற 'வடிவு' அவளுக்குள் எப்போதோ போய் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முட்டுக்காலில் தாளை வைத்து, 'குட்டிக் கடை' வரியை முழுதாக வெட்டினார். வாய்க்குள் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"'திண்ட பிள்ளை நல்ல வடிவு'. சரியோ?"

இலாரியா யோசித்தாள். "சரி," என்றாள். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, சும்மா நிக்காதை. கெதியா வா, கையைப் பிடி."

தாயை நீ, வா என்று கூப்பிடக்கூடாது என்று வேறொரு நாளாக இருந்தால் நானே திருத்தியிருப்பேன். நிலாந்தினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள், சுற்றினாள், மூண்டு என்று வருவதற்கு முன்னமே புல்லில் விழுந்து கிடந்து சிரித்தாள். மகள் அவள் தோளைத் தட்டி, இன்னும் விழுகிற நேரம் வரவில்லை என்று தமிழில் ஏசிக்கொண்டிருந்தாள்.