மூன்றாம் நம்பர் டப்பா

என் அக்காள் விஷ ஜுரம் கண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளுடைய இரண்டு மாதப் பெண் குழந்தை ஆம்பூரில் டப்பா மாவைக் குடித்து வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்துகொண்டிருந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நாளுக்கு நாள் வயிறு மட்டும் உப்பியது. கையும் காலும் குச்சியாகிக்கொண்டு வந்தன.

எங்கள் ஊரில் அப்போது தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்குப் பசும்பாலோ கழுதைப்பாலோ தருவார்கள். சீமை டப்பா வாங்கிக் கொடுப்பது வசதியுள்ளவர்கள் செய்கிற காரியம். என் மாமா, அதாவது அக்காள் புருஷன், தோல் பதனிடுகிற ஷாப்பில் ரகம் பிரிக்கிறவர். மாதச் சம்பளக்காரர். அதே ஷாப்பில் நான் பட்டைக் குழியில் வேலை பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தோலைப் பார்ப்பார். நான் இடுப்பளவு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நின்று தோலைத் திருப்பிப் போடுவேன். நான் தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான், அங்கும் அதே கணக்கு. அவர் பேசுவார், நான் கேட்டுக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது.

மாமா தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார். கத்திக் காயம் இல்லை, உண்ணி கடித்த தழும்பு இல்லை, ஒண்ணாம் நம்பர். கொஞ்சம் தழும்பு, ரெண்டாம் நம்பர். ஓட்டை, சுருக்கம் என்றால் மூணாம் நம்பர், தள்ளு அந்தப் பக்கம். ஆம்பூரில் நம்பர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

பிள்ளையின் உணவையும் அவரே போய் வாங்கி வந்தார். மேலே பெரிதாக மூன்று என்று போட்ட டப்பா. இங்கிலீஷ் எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. நான் படித்தது நாலாம் வகுப்பு, தமிழ் மட்டும்.

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் மாமாவின் தமக்கை. புருஷனை இழந்து தம்பியோடு இருந்தவள். நான் அவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவேன். அவள் காலையில் மாவை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து மூலையில் வைத்துவிடுவாள். அந்திவரைக்கும் அதே சொம்புதான். மத்தியானத்துக்கெல்லாம் மேலே தோல் மாதிரி ஆடை கட்டியிருக்கும். அதன்மேல் ஈ உட்கார்ந்திருக்கும். விரலால் ஆடையை ஒதுக்கி, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அடியில் இருப்பதைச் சங்கில் எடுத்துப் புகட்டுவாள். பிள்ளை பாதியைக் கக்கும். கக்கினதையும் சங்கின் மூக்காலேயே வழித்து மறுபடி வாய்க்குள் தள்ளுவாள். ஷாப்பில் நான் பார்க்காத அழுகல் இல்லை, முகராத நாற்றம் இல்லை. அந்தச் சொம்பிலிருந்து வந்த புளிப்பு வாடையில்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காளைப் பார்க்கப் புறப்பட்டபோது, பெரியக்கா காலி டப்பாவைக் கழுவி அதில் கற்கண்டும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது டப்பா அதற்குள் உடைத்தாகிவிட்டது.

அக்காள் கட்டிலில் கிடந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது பிள்ளையைத்தான்.

"எப்பிடி இருக்குது?"

"இருக்குது" என்றேன்.

மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா டப்பாவை ஓரமாக நகர்த்தப் போனவள், அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுத்தர வயசு, கழுத்தில் சிலுவை போட்ட ராணிப்பேட்டைப் பக்கத்து வேதக்காரப் பெண்பிள்ளை.

"இத யாருக்கு வாங்குனீங்க?"

"அக்கா கொழந்தைக்கு."

"அதுக்கு ரெண்டு மாசம்தானே ஆவுது? இது ஆறு மாசம் தாண்டுன பிள்ளைக்கு. தோ, போட்டிருக்கான் பாரு." டப்பாவின் பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். "பொறந்ததுலேந்து மூணு மாசம் வரிக்கும் ஒண்ணு. அப்புறம் ஆறு மாசம் வரிக்கும் ரெண்டு. அதுக்கப்புறம்தான் மூணு. இதுல இன்னா சேர்த்திருக்குதுன்னும் போட்டிருக்கு, கோதும மாவு, முளை கட்டுன தானியம். ரெண்டு மாசத்துக் கொடல்ல மாவு எங்க செரிக்கும்? ஆமா, பசும்பால் ஊத்தித்தானே காச்சுறீங்க?"

"தண்ணியில."

"பால் சேத்துக் காச்சணும்னு தனியா எழுதியிருக்கான். அப்பிடின்னா அந்தப் பிள்ளைக்குப் பாலே போவல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அக்காள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பிள்ளைய இங்க கொண்டாந்துடு" என்றாள்.

"இந்த ஜொரத்துக்கிட்டயா?" என்றாள் நர்ஸம்மா. பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போய், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒண்ணாம் நம்பர் வாங்கு. அது காய்ச்சின பாலை உலர்த்திச் செய்தது, மாவு கிடையாது. மூடிக்கு அடியில் தகடு ஒட்டியிருக்கும், அது கிழியாமல் இருக்கவேண்டும். துரு, வீக்கம் இருந்தால் தொடாதே. டீக்கடைக்காரன் ஊற்றுகிற சர்க்கரைப் பால் டப்பாவைத் தந்தால் வாங்காதே, அதில் பாதி டப்பா வெண்ணெய் எடுத்துவிட்ட பால், கைப்பிள்ளைக்கு ஆகாது என்று அவனே பொடி எழுத்தில் போட்டிருப்பான். கொதித்து ஆறின தண்ணீரில் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலக்கு, மிஞ்சினதைக் கொட்டு. மூடியை இறுக்கிப் போட்டு ஈரம் படாத இடத்தில் வை.

நான் உள்ளே வந்ததும் அக்காள், "மாமா கிட்ட நீ சொல்லுவியா?" என்று கேட்டாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். சொல்கிறேன் என்றேன்.

ரயிலை விட்டு இறங்கி நேரே இங்கிலீஷ் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒண்ணாம் நம்பர் என்றதும் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். மூடியைத் திறந்து பார்த்தேன். தகடு கிழிந்திருந்தது. பாதிப் பொடி இல்லை. மிச்சம் மஞ்சள் கட்டிகளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கரப்பான் குஞ்சு கட்டியின்மேல் ஏறி உள்ளே மறைந்தது.

"இது ஒடச்சிருக்குதே."

"சில்லறையா பொட்டலம் கட்டிக் குடுக்கிறதுக்கு ஒடச்சோம். அத்தினி பேரும் முழு டப்பா வாங்க முடியுமா? மேலாப்புல எடுத்துட்டா அடியில நல்லாதான் இருக்கும்." சொல்லிக்கொண்டே வெற்றிலை கிள்ளிய விரலை விட்டுக் கட்டியை நசுக்கிக் காட்டினார். "சலிச்சுத் தரட்டுமா?"

"முழு டப்பா குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறொன்று எடுத்தார். அதன் அடியில் துரு. மூன்றாவதாக எடுத்த டப்பா நன்றாக இருந்தது. விரலால் அழுத்தினேன், தகடு விறைப்பாக இருந்தது. பொட்டலம் கட்டும்போது எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"எங்க மாமா மூணாம் நம்பர் கேட்டப்போ, பிள்ளைக்கு எத்தினி மாசம்னு கேக்கலியா நீங்க?"

"கேட்டேன். ரெண்டுன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாப்பா. தோல் ஷாப்பு ஆளுங்க நம்பர் சொல்லித்தான் கேக்கிறீங்க. ஒசத்தி வேணுங்கிறவன் ஒண்ணு, கம்மியா வேணுங்கிறவன் மூணு. வெலையும் அப்பிடித்தான் இருக்குது. நான் ஒவ்வொருத்தனுக்கும் டப்பாவப் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா கடையில ஈதான் ஓட்டணும்." வெற்றிலைச் சாற்றைச் சாக்கடையில் துப்பினார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகப் படிக்கத் தெரியும். காசைக் கொடுத்தபோது அவர் விரல் என் விரலில் பட்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை கத்துவதற்கும் சக்தியில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. பேதியில் துணி நனைந்து பச்சையாக இருந்தது. டப்பாவை அவர் எதிரில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"மாமா, அந்த நம்பர் ரகம் இல்லியாம்."

"பின்ன?"

"வயசாம். நம்ம குழி மாதிரி. பச்சத் தோல மொதல்ல இன்னா தண்ணியில போடுவோம்?"

"பழைய தண்ணியில. லேசா இருக்கிறதுல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எடுத்ததும் கெட்டியான புதுப் பட்டத் தண்ணியில போட்டா?"

"மேல புடிச்சிக்கும். உள்ள பச்சையாவே நின்னுடும். இத இன்னாத்துக்கு எங்கிட்ட கேக்குற?"

"அப்பிடித்தான் மாமா இதுவும். ஒண்ணு லேசு. மூணு கெட்டி, மாவு சேந்தது. ஆறு மாசத்துக்கு அப்புறம்தான் தரணும். நர்ஸம்மா படிச்சுச் சொன்னாங்க."

பிசைகிற கை நின்றது. சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. டப்பாவை இடது கையால் உருட்டி ஒன்று என்ற எண்ணைப் பார்த்தார்.

"அடப் பாவி, ரகம் இல்லியா இது?" என்றார். "வயசுன்னு தெரிஞ்சிருந்தா ஒண்ணே வாங்கியிருப்பேனே. ரகம்னு நெனச்சேன். பொட்டப் பிள்ளைதானே, மூணு போதும்னு எடுத்தாந்தேன்."

"யாருக்குத் தெரியும், போ" என்றாள் பெரியக்கா.

"மொதல்லயே எவனாவது சொல்றதுதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி பிசைய ஆரம்பித்தார். ரசம் கேட்டார்.

அந்த மனிதரிடம் கொடுமைக்காரர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மறைத்துச் சொல்லவேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அன்று அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொம்பைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சங்கை வெந்நீரில் போட்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கக்குவது நின்றது. துணி மஞ்சளாயிற்று. ஒரு காலை நான் வேலைக்குப் போகும்போது பிள்ளை கத்தின கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நல்ல பலமான கத்தல். பெரியக்கா எனக்கு முன்னால் புதிதாகக் கலக்குவாள், நான் இல்லாதபோது எப்படியோ தெரியாது. அதனால் ஷாப்பிலிருந்து மத்தியானம் ஒரு நடை ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவேன். உடைத்த மூணாம் நம்பர் டப்பாவை அவளே வெல்லமும் பாலும் போட்டுக் காய்ச்சி, தம்பியும் தானுமாகக் குடித்துத் தீர்த்தாள். நன்றாக இருக்கிறது என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு அக்காளுக்கு ஜுரம் இறங்கியிருந்தது. சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளை தேறிவிட்டது, பால் தங்குகிறது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவரு எதுக்காம் மூணு வாங்குனாரு?" என்று கேட்டாள்.

பொட்டப் பிள்ளைதானே என்று அவர் பேசியதைச் சொல்லக்கூடாது என்று ரயிலிலேயே தீர்மானம் செய்திருந்தேன். படிக்கத் தெரியாத குற்றம் என்று போய்விடும் என்று நினைத்து, "பாவம், ரகம்னு நெனச்சிட்டாரு" என்றேன்.

அக்காள் ரகம் பிரிக்கிறவரின் பெண்டாட்டி. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ரகம்னு நெனச்சுத்தான் மூணு எடுத்தாரா" என்றாள்.