முழங்கை மடிப்பில் பத்து நாள்

சகாயராணியைக் கிறுக்கி என்று சொல்லாத செட்டியார் வீட்டு ஆச்சிமார் காரைக்குடியில் குறைவு. ஒரு புதுக் கிரீமை முகத்தில் போடப் பத்து நாள் காத்திருக்கச் சொல்கிறவளை வேறென்ன சொல்வார்கள்? 1996இல் கல்லுக்கட்டிப் பக்கம் ஒற்றை அறையில் அழகு நிலையம் வைத்திருந்தாள். பக்கத்து அறையில் ரவிக்கை தைக்கிறவள் நான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். 

கடை போட்ட புதிதில் கண்டரமாணிக்கத்துப் பெண் ஒருத்திக்குச் சோதிக்காமல் ஒரு கிரீமைப் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் அந்தப் பிள்ளைக்குக் கண் திறக்க முடியாத வீக்கம். "தப்பு என்னோடதுதான்" என்று அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் ராணி. அதற்குப் பிறகு பிடித்த பிடிவாதம் இது.

கோட்டையூர் சிட்டாள் ஆச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது. இருபது நாள் இருக்கையில் ஆச்சி மகள் சிவரஞ்சனியோடு வந்து, ஒரு பவுண்டேஷன் டப்பாவை மேசையில் வைத்தார்.

"என் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது. முகூர்த்தத்தன்னைக்கு இதத்தான் போடணும்."

"சரி ஆச்சி. இன்னைக்கே கையில வச்சுப் பாத்துருவோம்."

"அதெப்படி? கல்யாணச் சீருச் சாமான ஊரு பாக்கப் பரப்புறப்ப இதையும் வைக்கணும். சீல் பிரிச்ச சாமான வச்சா நாலு பேரு என்ன பேசுவாக? பரப்பி முடிஞ்சு, முகூர்த்தத்தன்னைக்குக் காலையில பிரிச்சுக்க."

"பிரிக்காம எப்படி ஆச்சி சோதிக்கிறது?"

"சோதன என்ன சோதன! என் தம்பி மக இதத்தான் தெனமும் போடுறா. ஒண்ணும் செய்யல. ஒரே ரத்தந்தானே?"

"ரத்தம் ஒண்ணா இருக்கலாம் ஆச்சி. அவுக தோலு வேற, நம்ம சிவரஞ்சனி தோலு வேற."

ஆச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மதுரையில் ஆளா இல்லை என்றார். "அப்ப அவுகளையே கூப்பிட்டுக்கங்க. சோதிக்காம நான் தொட மாட்டேன்" என்று ராணி சொல்லிவிட்டாள். ஆச்சி வீட்டுக் கல்யாணம் கைவிட்டுப் போனால் கோட்டையூர்க் கல்யாணம் அத்தனையும் போகும். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் சிவரஞ்சனி தனியாக வந்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியின் சீலைத் தானே பிரித்தாள். "மொகம் என்னோடதுக்கா" என்றாள்.

ராணி அவள் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு, முகத்தில் போடும் கனத்தில் தடவினாள். "காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, இதே எடத்துல. பத்து நாள். பூசிட்டு உடனே தொடைச்சிராதீக, முகத்துல எம்புட்டு நேரம் இருக்குமோ அம்புட்டு நேரம் இருக்கட்டும். வேற எந்தக் கிரீமும் அங்க படக் கூடாது. ரெண்டு நாள் ஒண்ணும் இல்லன்னு நம்பிராதீக, சிலருக்குப் பிந்தித்தான் வரும். அரிச்சாலோ செவந்தாலோ கழுவிட்டு நேரா இங்க வாங்க."

புறங்கையில் ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிஷத்தில் துடைத்துவிட்டு "ஒத்துக்கிச்சு" என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலையில் அந்த ரூபாய் அகலம் சிவந்து தடித்து, பொடிப் பொடியாகக் கொப்புளித்து நின்றது. பிள்ளை சொறியாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ராணி இனி அதைத் தொடவே கூடாது என்று சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்பினாள்.

சாயங்காலம் ஆச்சி மகளோடு வந்து கத்தினார். மகள் கையைப் பார்த்து அல்ல, டப்பாவைப் பார்த்து. "சீலப் பிச்சுப்புட்டியே! பரப்புறன்னைக்கு நான் என்னத்த வைக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறியது. பெற்ற பிள்ளையின் கை வெந்து கிடக்கிறது, இவருக்குச் சீல்!

"டப்பாவ ஒட்டி வச்சுக்கங்க ஆத்தா" என்றாள் சிவரஞ்சனி. "இது முகத்துல வந்திருந்தா என்னத்த ஒட்டுவீக?"

ஆச்சி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஒட்டித்தான் வைத்தார். முகூர்த்தத்தன்று, இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட பழைய கிரீமையே ராணி போட்டாள். முகம் தெளிவாக இருந்தது. பந்தியில் ஆச்சி எல்லாரிடமும் சொன்னார், "சிங்கப்பூர்க் கிரீமுல்ல!" ராணி வாயைத் திறக்கவில்லை. பிழைப்பு.

அடுத்த மாதம் பெத்தாச்சி என்ற அம்மா ஒருவர் மகளோடு வந்தார். மகள் கையில் அதே மாதிரி சிங்கப்பூர் டப்பா. முகூர்த்தம் மறுநாள்.

"சோதனையெல்லாம் வேணாம்மா. சிட்டாள் மகளுக்கே ஒத்துக்கிச்சே!"

ராணி தயங்கினாள். நான் தயங்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்துபோய், சிவரஞ்சனி கை கொப்புளித்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பெத்தாச்சி டப்பாவை மகள் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சிட்டாள் ஆச்சி அன்றிலிருந்து என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை. கொடுக்காமலே இருக்கட்டும்.