டைல்ஸ் பதித்த வகுப்பு

ஜூன் 12: தெர்மகோல், ரூ. 1,400.
ஜூலை 19: பஞ்சுப் பலகைகள், ரூ. 6,200.

இரண்டும் திண்டிவனத்து ஆசிரியை கலைப்பிரியாவின் கைக்காசு. சுவரெல்லாம் டைல்ஸ் பதித்த வகுப்பில் ஒரு சொல் எதிரொலித்து அடங்க இரண்டு விநாடி ஆனது. அடுத்த சொல் அதில் மூழ்கியது. இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று விழுப்புரம் டாக்டர் சொன்னதால், அலுவலக வேலைக்கு மாறுதல் கேட்டிருந்தார்.

தெர்மகோல் ஒலியை உறிஞ்சவில்லை. கனத்த பஞ்சைச் சாக்குத்துணியால் போர்த்திச் சுவரிலும் கூரையிலும் மாட்டிய பிறகு கைதட்டிப் பார்த்தார். ஓசை அரை விநாடியில் அடங்கியது.

"மெதுவாத்தான் பேசறேன். பின்னாடி கேக்குதா?"

"கேக்குது மிஸ்," என்றாள் கடைசி பெஞ்சு பானுப்ரியா. "நாங்க பேசிக்கினு இருந்தா உங்களுக்கும் கேக்குமே, அதான் பேஜாரு."

சிரிக்கத் தெம்பில்லாமல், தணிந்த குரலிலேயே பாடத்தைத் தொடங்கினார். அவர் கேட்ட அலுவலக மாறுதல் கிடையாது என்ற இறுதிக் கடிதம் அதன்பின் ஆகஸ்ட் 6 அன்று வந்தது.