பாதிக் கண்ணாடி

சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, ராஜபாளையத்து மிக்ஸி கடையில் சாமான்களை ஓட்டிக் காட்டுபவள் அருள்செல்வி. தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்காரர் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பைக் காட்சிக்குக் கொடுத்தபோது, கண்ணாடியில் கீறல் விழாமல் திருப்பித் தரும் பொறுப்பை அவள் தலையில்தான் கட்டினார்கள்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி ஐயாதுரை, பால்கோவா கிண்டிக் காட்டுகிறேன் என்று சட்டியைப் பொங்கவிட்டுவிட்டார். சர்க்கரை கண்ணாடியில் கருகி ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, கம்பி நார் போட்டுத் தேயி. சாயங்காலம் கம்பெனிக்காரவுக வந்துருவாக."

"நார் போட்டா கீறிரும் அண்ணாச்சி. வெந்நித் துணி போட்டு ஊறணும்."

பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் இடப் பாதியில் துணியை விரித்தாள். இன்னும் வெந்நீர் வாங்க டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், வலப் பாதியைக் கம்பி நாரால் பரபரவென்று தேய்த்து வைத்திருந்தார் ஐயாதுரை. அவள் துணியை எடுத்துவிட்டு, இடப் பாதியில் இளகிய கருகலைப் பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளி எடுத்தாள். மிஞ்சிய கறையைச் சோடா மாவு குழைத்து மெல்லிய துணியால் போக்கினாள்.

கம்பெனிக்காரர் வந்து வலப் பாதியில் விழுந்திருந்த கோடுகளைத் தடவினார்.

"பொம்பளப்பிள்ள, தெரியாமத் தேய்ச்சுட்டா" என்றார் ஐயாதுரை.

"இந்தப் பாதி நான் தேய்ச்சது சார். அந்தப் பாதி இவுக தேய்ச்சது. கம்பி நாரு கல்லா மேலதான் கெடக்கு."

மறுநாள் ஒன்பதுக்கே வந்து தன் இடத்தில் நின்றாள். ஐயாதுரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஏட்டி என்று அதட்டிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.