இடது கன்னம்

போட்டோ ஸ்டுடியோவில் பதினைந்து வருடமாகப் படங்களில் முகங்களைத் திருத்தும் அவளுக்குக் ‘கண்ணாடியக்கா’ என்று பெயர். அன்று மத்தியானம் ஒருவர் தன் மனைவியின் படத்தோடு வந்தார்.

“பெருசா பிரிண்ட் வேணும். நானே கொஞ்சம் எடிட் பண்ணிட்டேன்.”

கணினித் திரையில் முழுப் படமாகப் பார்த்தபோதே முகம் மெழுகு பொம்மைபோல இருந்தது. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினாள். நெற்றியிலும் கழுத்திலும் தோலின் நுண்துளைகள் தெரிந்தன. இடது கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. மங்கலாக்கித் தேய்த்ததில் எல்லாம் போயிருந்தன. மறுபடி சிறிதாக்கினாள். துளைகள் போனாலும் நிறம் போகவில்லை. கன்னத்திலிருந்து தாடைவரை மஞ்சளும் பச்சையுமாக ஒரு திட்டு.

“என்ன சார் இது, பருவா?”

“ஆமா. இன்னும் தேச்சிருங்க.”

அவள் மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “மேடத்தக் கூட்டிட்டு வாங்களேன், புதுசாவே எடுத்துரலாம்.”

“அவ இனிமே எங்கயும் வர மாட்டா.” சிரித்தார்.

நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ரசீதில் அவர் எழுதிய முகவரியைப் போலீசுக்குப் போன் செய்து சொன்னாள்.

“படத்துல அப்படி என்னம்மா இருக்கு?”

“பொண்டாட்டி மூஞ்சில அடிபட்ட தடத்த அவரே அழிச்சிருக்காரு சார். சீக்கிரம் போங்க.”

போனார்கள். வெளியே பூட்டியிருந்த கதவை உடைத்தபோது, அந்தப் பெண்ணுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. உயிர் மட்டும் இருந்தது.