மூன்று மாதமாகத் தீராத ட்யூப்

அந்த ட்யூபை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. கிரீமின் மேல் ஒரு குறையும் இல்லை. அதை மிச்சம் பிடித்து வைத்த என் லட்சணத்தை நினைத்துத்தான்.

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் லாரிகளின் கதவில் போட்டிருக்கும் சீல் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஏழிலிருந்து மூன்று வரை வெயிலில்தான் நிற்க வேண்டும். கம்பெனி கொடுத்த தொப்பி நெற்றியை மறைக்கும், காது இரண்டும் வெளியே கிடக்கும்.

கன்னத்தில் சிவப்பாகத் தடித்துச் செதில் உதிர ஆரம்பித்தபோது ஓசூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு, "வெயில் பட்டா கிளம்புற வியாதிம்மா இது. விட்டா தழும்பாயிடும். தழும்பான இடத்தை என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மாத்திரையோடு ஒரு சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்து, வெளியே போகும்முன் தினமும் போடச் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கிரீம் போடத் தெரியாதா எனக்கு?

நெற்றியில் ஒரு பொட்டு, கன்னங்களில் இரண்டு, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எந்தக் கிரீமையும் அப்படித்தான் போடுவேன். கம்பெனி பஸ் வருவதற்குள் தேய்த்து முடித்துவிடுவேன். ஒருநாள் கொஞ்சம் கூடிப்போய் வெள்ளையாகத் தெரிய, கேட் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்துட்ட?" என்றான். டிரைவர்கள் பல்லைக் காட்டினார்கள். சீ, அந்தச் சிரிப்புக்குப் பயந்து மறுநாளிலிருந்து பொட்டை இன்னும் சின்னதாக்கினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

லீவு கிடைக்கவில்லை என்று டாக்டரிடம் திரும்பப் போகாமல், மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டு மூன்று மாதம் ஓட்டினேன். அதற்குள் இடது கண்ணின் ஓரத்தில் புதிதாக ஒரு தடிப்பு. காதுக் குழிக்குள் இன்னொன்று. காதில் இருந்ததைச் சொறி என்று நினைத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தூ!

கடைசியில் லீவு போட்டு மறுபடி ஓசூருக்குப் போனேன். பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிப்போனது. "கிரீம் போடறதில்லையா?"

"தினமும் போடுறேன் மேடம். பாருங்க, கையோட கொண்டாந்திருக்கேன்." சிக்கனமான மனுஷி என்று மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

அவர் ட்யூபை அமுக்கிப் பார்த்தார். "பாதிக்கு மேல இருக்கு. மூணு மாசமா இதேவா? எங்க, போட்டுக் காட்டு."

ஐந்து பொட்டு வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடாகக் கிரீமைப் பிதுக்கினார்.

"இவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும். காதுக்குத் தனியா இன்னும் கொஞ்சம். வெளியில நிக்கிறவ நீ, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வேர்வையைத் துடைச்சிட்டுத் திரும்பப் போடணும்."

கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே தேய்க்க வைத்தார். மேல் இமை, கண்ணின் இரண்டு முனை, காது மடலின் விளிம்பு, குழி, காதுக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே பிடரி. இதில் ஒரு இடத்தில்கூட அதுவரை என் விரல் பட்டதில்லை.

"வேர்த்தா கண்ணுக்குள்ள இறங்கி எரியும் மேடம்."

"ஜிங்க் கலந்த வேற கிரீம் எழுதித் தரேன், அவ்வளவா எரியாது. கண்ணுக்குள்ள போகாம ஓரம் வரைக்கும் தடவு."

"இப்ப வந்திருக்கறது போயிடுமா?"

"கண் ஓரம் ஆறிடும்னு நினைக்கறேன். காது..." காதுக்குள் அடித்துப் பார்த்த டார்ச்சை அணைத்தார். "காதுல தழும்பு விழுந்தாச்சும்மா."

மறுநாள் கேட்டில் சூப்பர்வைசர் மறுபடி சுண்ணாம்பு என்று ஆரம்பித்தான். "ஆமா சார், அடிச்சிருக்கேன். ஒம்போது மணிக்கு ரெண்டாவது கோட்டிங், வந்து பாருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கண்ணோரம் மெல்ல ஆறியது. புது ட்யூப் இரண்டு வாரத்தில் சப்பையாகிவிட்டது. அதைக் குப்பைக் கூடையில் பார்த்த என் வீட்டுக்காரர், "என்னடி, போன ட்யூபு மூணு மாசம் வந்துச்சு, இது இதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றார்.

முடியை ஒதுக்கி இடது காதை அவர் பக்கம் திருப்பினேன். குழிக்குள் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தோல் வெளுத்து, உள்வாங்கிக் கிடந்தது.

"அதுல மிச்சம் பிடிச்சது இதாங்க" என்றேன்.